போட்டு முடித்த டெண்டருக்குப் பிறகு வந்த திருத்தம்: 120 பீரோ, 0.2 மில்லிமீட்டர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏழு பேர் வேலை செய்யும் ஒரு தகட்டுப் பட்டறை. ஸ்டீல் பீரோ, ரேக், லாக்கர் செய்கிறார்கள். நடத்துபவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. கணவர் இறந்த பிறகு பட்டறையைக் கையில் எடுத்தவர். ஜூன் 20-ஆம் தேதி அவர் எங்கள் சிறுதொழில் சங்க அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற நான், வாரத்தில் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து டெண்டர் சந்தேகங்களைப் பார்க்கிறேன். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். ஒரு அரசு அலுவலகத்தின் டெண்டருக்கு வெளியான திருத்த அறிவிப்பு அது. எல்லோரும் கோரிஜெண்டம் என்றோ அடெண்டம் என்றோ சொல்வது.

"சார், இதுல எனக்கு ஏதாவது வேலை இருக்கா? நான் 14-ஆம் தேதியே போட்டு முடிச்சிட்டேன்" என்றார்.

டெண்டர் 120 ஸ்டீல் பீரோக்களுக்கானது. தமிழ்நாடு அரசின் மின்னணு டெண்டர் போர்ட்டலான tntenders.gov.in-இல் ஜூன் 2-ஆம் தேதி வெளியானது. கடைசி நாள் 18-ஆம் தேதி மாலை 3 மணி, மறுநாள் திறப்பு. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள் 2000, இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டர்களுக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் கேட்கின்றன. அதையொட்டியே தேதி வைத்திருந்தார்கள். இவர் பீரோ ஒன்றுக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 14,200 ரூபாய் போட்டிருந்தார். மொத்தம் 17,04,000. உத்யம் சான்று வைத்திருக்கும் குறுந்தொழில் என்பதால் முன்வைப்புத் தொகையில் விலக்கு கேட்டிருந்தார்.

16-ஆம் தேதி மாலை அவர் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. இந்த எண்ணுள்ள டெண்டருக்குத் திருத்தம் வெளியாகியிருக்கிறது என்பது மட்டும் அதில் இருந்தது. பாடியில் அவருக்கு எப்போதும் அப்லோட் செய்து தரும் ஆன்லைன் சென்டரில் கேட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் போர்ட்டலைத் திறந்து, திருத்தத்தின் தலைப்பில் 'கடைசி நாள் நீட்டிப்பு' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "டேட் எக்ஸ்டென்ஷன்தான் அக்கா, நாம போட்டாச்சு, ஒண்ணும் பண்ண வேணாம்" என்றிருக்கிறான். அவன் மேல் பெரிய குற்றம் சொல்ல மாட்டேன். தலைப்பு அப்படித்தான் இருந்தது. உள்ளே இணைத்திருந்த பிடிஎப்-ஐ அவன் திறக்கவில்லை. நான்கு நாள் கழித்து வேறொரு பட்டறைக்காரர் பேச்சுவாக்கில் "தகடு மாத்திட்டாங்களே" என்று சொல்லப் போய்த்தான் இவர் தாளை அச்செடுத்துக்கொண்டு வந்தார்.

பிடிஎப்-இல் இரண்டே பத்திகள். முதல் பத்தி, கடைசி நாளை ஜூன் 26 மாலை 3 மணிக்கும் திறப்பை 27 காலை 11 மணிக்கும் தள்ளியது. இரண்டாவது பத்தி: 'பிரிவு 4.2-இல் தகட்டின் தடிமன் 0.8 மி.மீ. என்பதை 1.0 மி.மீ. எனப் படிக்கவும். ஏனைய நிபந்தனைகளில் மாற்றமில்லை.'

நான் முதலில் செய்த தவறு

இத்தனை வருடப் பழக்கத்தில் நான் பிரிவு 4.2-இலிருந்து ஆரம்பித்தேன். பழைய வாசகம் இது, புதிய வாசகம் இது, திருத்தமும் டெண்டர் ஆவணத்தின் ஒரு பகுதியாகிவிடும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு நிமிடம் கழித்து அவர் முகத்தைப் பார்த்தால், எதுவும் உள்ளே போகவில்லை. "அப்போ நான் போட்டது செல்லாதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஏற்கனவே போட்டுவிட்டவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு. புதிதாகப் போடப்போகிறவருக்குத் திருத்தம் என்பது படிக்கவேண்டிய இன்னொரு தாள், அவ்வளவுதான். போட்டு முடித்தவருக்கு, அந்தப் போர்ட்டலுக்குள் தன்னுடைய ஒரு உறை கிடக்கிறது. அது இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாதவரை வேறெதுவும் காதில் ஏறாது. அதனால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"ம்மா, நீங்க போட்டது அப்படியே பத்திரமா இருக்கு. யாரும் திறக்கலை. ஆனா அது 0.8 தகட்டுக்குப் போட்ட விலை. அவங்க இப்போ கேட்கிறது 1.0 தகடு. 26-ஆம் தேதி மூணு மணி வரைக்கும் மாத்திப் போட உங்களுக்கு உரிமை இருக்கு."

இந்த ஐந்து வரிக்குப் பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகு வந்த கேள்விதான் எனக்கு வருத்தமாக இருந்தது. "என் விலையைப் பார்த்துட்டுத்தான் மாத்தினாங்களா?"

சின்னப் பட்டறைக்காரர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. காகித உறைகளின் காலத்தில் அதற்குக் காரணங்களும் இருந்தன. மின்னணுப் போர்ட்டலில் நாம் ஏற்றும் விலைக் கோப்பு, திறப்பதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரிகளின் டிஜிட்டல் சாவிகளால் பூட்டப்படுகிறது. குறித்த நேரம் வந்து, அவர்கள் தங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன்களுடன் உட்கார்ந்தால்தான் திறக்கும். 16-ஆம் தேதி இவருடைய 14,200 யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இதை நான் அவருக்குப் பொறுமையாக, கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். இந்தச் சந்தேகம் தீராமல் மறுபடி போடச் சொன்னால், 'எதற்கு மாற்றவேண்டும், இது ஏற்கனவே யாருக்கோ போவதுதானே' என்று விட்டுவிடுவார்.

மாற்றத்துக்கான காரணமும் ஆவணத்திலேயே தெரிந்தது. பிரிவு 4.2-இல் 0.8 மி.மீ. என்று இருந்தது; பின்னால் இணைத்திருந்த வரைபடத்தின் ஓரக்குறிப்பில் '20 கேஜ்' என்று இருந்தது. நம் தகட்டுக் கடைகளில் 20 கேஜ் என்று கேட்டால் 1.0 மி.மீ. தருவார்கள், 22 கேஜ் என்றால்தான் 0.8. ஒரே ஆவணத்தில் இரண்டு தடிமன். யாரோ ஒருவர் விளக்கம் கேட்டிருக்கிறார், அலுவலகம் வரைபடத்தின் பக்கம் சாய்ந்து திருத்திவிட்டது. "நீங்க முதல் தடவை போடும்போது இந்த ஓரக்குறிப்பைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பார்த்திருக்கிறார். 4.2-இல் தெளிவாக 0.8 என்று இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அப்போதே எழுத்தில் கேட்டிருக்க வேண்டிய இடம் அது.

மூன்று வழிகள், அதில் இரண்டு ஆபத்து

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அப்படியே விடலாம், மாற்றிப் போடலாம், வாபஸ் வாங்கலாம்.

வாபஸை முதலில் எடுத்துவிடுகிறேன். 'பழசை வாபஸ் வாங்கிட்டுப் புதுசாப் போட்டுடலாமே' என்று பலரும் நினைக்கிறார்கள். காகித டெண்டரில் அது சரி. இந்தப் போர்ட்டலில் வாபஸ் வாங்கினால் அதே டெண்டரில் மறுபடி கலந்துகொள்ள முடியாது, கதவு மூடிவிடும். My Active Bids பக்கத்தில் மறுசமர்ப்பிப்பும் வாபஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஆன்லைன் சென்டர்களில் இந்தத் தவறு நடக்கிறது. நமக்கு வேண்டியது மறுசமர்ப்பிப்பு மட்டும். கடைசி நேரம் வரைக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். கடைசியாகப் போட்டதுதான் கணக்கில் வரும்.

அப்படியே விடுவதுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்த வழி. "விட்டா என்ன ஆகும்? தள்ளுபடி பண்ணுவாங்க. அவ்வளவுதானே, நஷ்டம் இல்லையே" என்றார். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன், ஏனென்றால் தள்ளுபடி ஆவது இரண்டு சாத்தியங்களில் ஒன்றுதான். அதுவும் நல்ல சாத்தியம்.

தொழில்நுட்ப உறையில் அவர் ஒரு இணக்க அட்டவணை ஏற்றியிருந்தார். ஒவ்வொரு விவரக்குறிப்புக்கும் எதிரே 'நாங்கள் தருவது' என்று நிரப்பும் தாள். அதில் தடிமன் 0.8 மி.மீ. என்று எழுதியிருந்தார். பரிசீலனைக் குழு அதைப் பார்த்தால் 1.0 இல்லை என்று ஒதுக்கிவிடும். அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது: டெண்டர் ஏற்புக் கடிதம். அதன் வாசகம் அனேகமாக எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான். அவ்வப்போது வெளியிடப்பட்ட திருத்தங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டே இந்தக் கடிதத்தைத் தருகிறோம், டெண்டர் ஆவணம், திருத்தங்கள் எல்லாவற்றின் நிபந்தனைகளையும் முழுமையாக, நிபந்தனையின்றி ஏற்கிறோம். கீழே அவர் கையெழுத்து, பட்டறையின் ரப்பர் ஸ்டாம்ப்.

"திருத்தம் வர்றதுக்கு முன்னாடி போட்ட கையெழுத்துதானே சார் அது?" என்றார். உண்மைதான். ஆனால் உறை மூடும் நேரம் 26-ஆம் தேதி மூன்று மணி. அதுவரை மாற்றும் வாய்ப்பு கையில் இருந்தும் மாற்றாமல் விட்டால், அந்தக் கடிதம் 26-ஆம் தேதி நிலைமைக்கும் பேசும் என்றுதான் அலுவலகம் வாதிடும். நான் அந்த மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது அப்படித்தான் குறிப்பு எழுதியிருக்கிறேன். தடிமனைத் தனியாக எழுதாத ஒரு உறையாக இருந்திருந்தால், 1.0 தகட்டுக்கு ஒத்துக்கொண்டதாக எடுத்து, 0.8 விலையில் ஆர்டர் தந்துவிட முடியும்.

விலைப் பக்கத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லாததுதான் இதில் இன்னொரு சிக்கல். பிஓக்யூ என்ற எக்செல் விலைப்பட்டியலில் 'விவரக்குறிப்பின்படியான ஸ்டீல் பீரோ – 120 எண்ணம்' என்று மட்டும் இருந்தது. விவரக்குறிப்பு மாறினாலும் விலைப்பட்டியல் மாறவில்லை. பட்டியலே மாறியிருந்தால் புதிய கோப்பை இறக்கி, அதன் பெயரைத் தொடாமல் நிரப்பி ஏற்றியாக வேண்டும். குறைந்தபட்சம் அந்த வேலையாவது ஆளை உஷார்ப்படுத்தியிருக்கும்.

12 கிலோ

சரி, 0.2 மி.மீ. எவ்வளவு பணம்? அதை அங்கேயே போட்டுப் பார்த்தோம். இந்தப் பகுதியில் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பீரோ 1980 மி.மீ. உயரம், 915 அகலம், 485 ஆழம். இரண்டு பக்கம், முதுகு, கதவு, மேல், கீழ் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 6.4 சதுர மீட்டர் தகடு. மடிப்புகளும் வெட்டில் போகும் சேதாரமும் சேர்த்து அவர் எப்போதும் 7.5 என்று கணக்கு வைப்பார். எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. கூடுதலாக வருவது 0.2 மி.மீ. என்பதால் சதுர மீட்டருக்கு 1.57 கிலோ. 7.5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 12 கிலோ. அவருடைய தகட்டு வியாபாரி தந்திருந்த விலை கிலோ 72 ரூபாய். ஒரு பீரோவுக்கு 864 ரூபாய் கூடுகிறது.

14,200-இல் அவர் வைத்திருந்த லாபம் சுமார் 900 ரூபாய்.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 120 பீரோவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பட்டறையில் ஏழு பேரின் ஒன்றரை மாத உழைப்பு வீணாகியிருக்கும். பிரிவு 4.2-ஐ நான் எத்தனை முறை வாசித்துக் காட்டியிருந்தாலும் இந்த 12 கிலோ சொன்னதைச் சொல்லியிருக்காது. சிறிய பட்டறைக்காரருக்குத் திருத்தத்தை விளக்குகிறவர்கள் அவர் வாங்கும் பொருளின் அளவில், அவர் கொடுக்கும் விலையில் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும்.

அதற்குள் அவரே ஒரு கேள்வி எழுப்பினார். "ஷெல்ஃபுக்கும் 1.0-வா சார்?" பிரிவு 4.2-இல் 'தகட்டின் தடிமன்' என்று பொதுவாகத்தான் இருந்தது. நான்கு ஷெல்ஃபுக்கு மடிப்போடு 2.2 சதுர மீட்டர், அதற்கும் 1.0 என்றால் இன்னும் மூன்றரைக் கிலோ, பீரோவுக்கு 252 ரூபாய், மொத்தத்தில் 30,240. ஊகத்தில் விடக்கூடிய தொகை இல்லை. கூட்டிப் போட்டால் விலை ஏறிப் போட்டியில் பின்தங்குவார். குறைத்துப் போட்டால் கையைச் சுடும்.

திறப்புக்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் விளக்கம் கேட்டால், அலுவலகம் பதில் தரவேண்டும். கேட்டவர் யார் என்று சொல்லாமல் அந்தப் பதிலை மற்றவர்களுக்கும் அனுப்பவேண்டும் என்று அதே டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள் சொல்கின்றன. அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டோம். கேள்வியை ஒரே வரியில் எழுதினோம்: 'திருத்தம் 1-இல் சொல்லப்பட்ட 1.0 மி.மீ. தடிமன் உட்புற ஷெல்ஃபுகளுக்கும் பொருந்துமா, அல்லது உடல், கதவுகளுக்கு மட்டுமா?' போனில் கேட்டிருந்தால் பதில் சீக்கிரம் வந்திருக்கும். ஆனால் போனில் சொன்னது ஆவணத்தில் சேராது. 22-ஆம் தேதி மாலை திருத்தம் 2 வெளியானது: உடல், கதவுகள் 1.0, ஷெல்ஃபுகள் 0.8.

தேதி தள்ளியதில் ஒளிந்திருந்தவை

கடைசி நாள் தள்ளிப்போவது நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் நினைப்போம். எட்டு நாள் கூடுதல். ஆனால் அந்த எட்டு நாளில் ஒரு பொறி இருந்தது. அவருடைய டிஜிட்டல் கையெழுத்துச் சான்று ஜூன் 24-ஆம் தேதி காலாவதியாகிறது. பழைய தேதியில் அது பிரச்சினையே இல்லை. புதிய தேதியை நம்பி 25-ஆம் தேதி ஆன்லைன் சென்டருக்குப் போயிருந்தால் மறுசமர்ப்பிப்பு செய்திருக்கவே முடியாது. புதுப்பிக்க வீடியோ சரிபார்ப்பு, அப்புறம் புதிய சான்றைப் போர்ட்டல் கணக்கோடு இணைப்பது என்று நேரம் போய்விடும். டோக்கன் இருந்ததும் அந்த சென்டரின் மேசை டிராயரில். பட்டறையின் கையெழுத்து அது, உங்கள் பையில் இருக்கவேண்டும் என்று சொல்லி அன்றே வாங்கிவரச் சொன்னேன்.

விலையின் செல்லுபடிக் காலமும் நகர்ந்தது. திறப்பு நாளிலிருந்து 90 நாள் என்பதால் செப்டம்பர் 17-இல் முடியவேண்டியது 25-க்குப் போனது. இவருக்கு விலக்கு இருந்ததால் பாதிப்பு இல்லை. முன்வைப்புத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் தந்தவர்கள் அதன் தேதியை எண்ணிப் பார்த்து, குறைந்தால் நீட்டித்துத் தரவேண்டும்.

மாற்றாத ஒன்றும் இருந்தது. ஆர்டர் கிடைத்த 45 நாளில் சப்ளை என்பது அப்படியே நின்றது. 1.0 தகட்டை அவருடைய மடிப்பு மெஷின் தாங்குமா என்று கேட்டேன். லாக்கர்களுக்கு அதைத்தான் வளைக்கிறார். ஸ்பாட் வெல்டிங் மட்டும் கொஞ்சம் மெதுவாகும் என்றார். கூடுதல் எடைக்கான லாரி வாடகையும் அந்த மெதுவும் சேர்த்து பீரோவுக்கு 86 ரூபாய் வைத்துக்கொண்டார். புதிய விலை 15,150.

மறுசமர்ப்பிப்பு நாளில்

விலையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தார். ஏற்றியிருந்த எல்லாக் கோப்புகளையும் அச்செடுத்து மேசையில் பரப்பி, 0.8 எங்கெங்கே இருக்கிறது என்று சிவப்பு மையில் வட்டம் போடச் சொன்னேன். நான்கு இடம் வந்தது. இணக்க அட்டவணை, முகப்புக் கடிதம், '22 கேஜ்' என்று எழுதியிருந்த அவருடைய வரைபடம், அப்புறம் தகட்டு ஆலையின் சோதனைச் சான்று. நான்காவதை நானே தவறவிட்டிருப்பேன், 0.8 சுருளுக்கான சான்று அது. வியாபாரியிடம் சொல்லி 1.0 சுருளுக்கான சான்றை வாங்கினார். ஷெல்ஃபுக்கு 0.8 தொடர்வதால் பழையதையும் சேர்த்தே வைத்தோம். அட்டவணையில் உடல், கதவு, ஷெல்ஃப் என்று மூன்று வரியாகப் பிரித்து எழுதினோம். இரண்டு திருத்தங்களின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஸ்டாம்ப் வைத்து ஏற்றினோம். ஏற்புக் கடிதத்தையும் 23-ஆம் தேதியிட்டுப் புதிதாகப் போட்டார்.

23-ஆம் தேதி மதியம் சங்க அலுவலகக் கணினியில், அவர் டோக்கனை அவரே செருகி, My Active Bids-இல் போய் மறுசமர்ப்பிப்பு செய்தார். கோப்புகள் ஏறியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டார். Freeze Bid Submission பொத்தானை அழுத்தி, புதிய நேரத்தோடு ரசீது வந்தபிறகுதான் முடிந்ததாக அர்த்தம். ரசீதை அச்செடுத்து, 14-ஆம் தேதி ரசீதின் மேல் வைத்துக் குத்திக்கொண்டார். நேரம் போர்ட்டல் சர்வரின் நேரம். நம் கைக்கடிகாரத்தை நம்பிக் கடைசிக் கால் மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அவருக்குக் காட்ட அந்த ரசீதே போதுமாக இருந்தது, எங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது.

27-ஆம் தேதி

ஐந்து பேர் போட்டிருந்தார்கள். ஒருவர் இணக்க அட்டவணையில் 0.8 என்றே விட்டிருந்தார்; தொழில்நுட்பப் பரிசீலனையில் தள்ளுபடி. இன்னொருவரும் திருத்தத்தைக் கவனிக்காதவர்தான். ஆனால் அவர் அட்டவணையில் தடிமனை எழுதாமல், எல்லா வரியிலும் 'ஏற்கிறோம்' என்று மட்டும் நிரப்பியிருந்தார். ஏற்புக் கடிதம் இருந்தது. அவர் தேறிவிட்டார். விலை திறந்தபோது அவருடையது 14,050, எல்லோரிலும் குறைவு. எங்கள் பெண்மணி 15,150-உடன் இரண்டாவது.

ஆர்டர் 14,050 போட்டவருக்குப் போனது. அதில் 'திருத்தங்கள் 1, 2-இன்படி' என்று தெளிவாக இருந்ததைப் படித்தபிறகு அவர் நேராக எங்கள் சங்கத்துக்கு வந்தார். திருமுடிவாக்கம் பக்கம் ஒரு பட்டறை, நான்கு பேர். ஆர்டரை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, நான் 0.8-க்குத்தான் விலை போட்டேன், இதைச் சொல்லி மாத்த வழி இருக்கா?" என்றார். அவருடைய உறையின் அச்சுப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். 0.8 என்று அதில் எங்குமே இல்லை. அவருக்குச் சாதகமாகக் காட்ட ஒரு வரி கிடைக்கவில்லை. மறுத்தால் முன்வைப்புத் தொகை போகும். அடுத்த டெண்டர்களில் கலந்துகொள்ளத் தடையும் வரலாம். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். ஏற்புக் கடிதத்தைச் சுட்டிக்காட்டி இரண்டு வரியில் பதில் வந்தது.

அதே 7.5 சதுர மீட்டரை அவருடைய தகட்டு விலையில் அவரோடு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். லாபம் முழுவதும் போய், பீரோவுக்கு நாற்பது ரூபாய் போல் கைக்காசு இறங்கியது. பெயர் கெடக் கூடாது என்று சப்ளை செய்தார். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார்கள். பவுடர் கோட்டிங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து 0.1 மி.மீ. காட்டிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். 120 பீரோவும் தேறின. நாற்பத்து மூன்றாவது நாள் கடைசி லாரி போனது.